கமாவா, புள்ளியா? சப்டைட்டில் காணாமல் போகும் கதை

கணினியில் ஒரு படத்தை ஓட்டினால் சப்டைட்டில் அழகாக வருகிறது. அதே படத்தையும் சப்டைட்டில் கோப்பையும் ஓர் இணையப் பக்கத்தில் ஏற்றினால் படம் மட்டும் ஓடுகிறது, எழுத்தைக் காணோம். பிழைச் செய்தியும் வராது. பல நேரங்களில் இதற்குக் காரணம், நேரத்தைக் குறிக்கும் வரியில் இருக்கும் ஒரு கமாதான்.

சப்டைட்டில் கோப்பு என்பது வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். பரவலாகப் புழங்கும் எஸ்ஆர்டி வகைக் கோப்பில் ஒரு வசனம் இப்படி இருக்கும்:

```
1
00:01:04,250 --> 00:01:06,900
சரி, 12,500 ரூபாய் தர்றேன்.
```

முதலில் வரிசை எண். அடுத்து, வசனம் தோன்றும் நேரமும் மறையும் நேரமும். மணி, நிமிடம், விநாடி, கமாவுக்குப் பின் மில்லி விநாடி. இந்த வடிவம் 'சப்ரிப்' என்ற மென்பொருளிலிருந்து வந்தது. அது பிரான்சில் எழுதப்பட்டது. ஒன்றரையை 1,5 என்று எழுதுவது அந்நாட்டு வழக்கம். அந்தக் கமாதான் கோப்பிலும் நிலைத்துவிட்டது.

2010-இல் இணையத்துக்கென ஒரு சப்டைட்டில் வடிவம் உருவாகத் தொடங்கியபோது, எஸ்ஆர்டியையே அடிப்படையாகக் கொண்டார்கள். முதலில் வெப்எஸ்ஆர்டி என்று பெயர், பிறகு அது வெப்விடிடி ஆனது. இதில் மில்லி விநாடிக்கு முன் புள்ளிதான் வர வேண்டும். கோப்பின் முதல் வரியில் `WEBVTT` என்ற சொல்லும், அதை அடுத்து ஒரு வெற்று வரியும் தேவை. அந்தச் சொல் இல்லையென்றால் உலாவி முழுக் கோப்பையும் ஒதுக்கிவிடும். சொல் இருந்து, நேர வரியில் கமா இருந்தால், அந்தந்த வசனத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும்.

அப்படியானால் எல்லாக் கமாவையும் புள்ளியாக மாற்றிவிட்டால் போதுமே என்று தோன்றும். மாற்றிப் பார்த்தால் மேலே உள்ள வசனம் "சரி. 12.500 ரூபாய் தர்றேன்" என்று ஆகிவிடும். பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் பன்னிரண்டரை ரூபாயாகத் தெரியும். 'கமாவுக்குப் பின் மூன்று இலக்கம் வந்தால் மட்டும் மாற்று' என்று நிபந்தனை போட்டாலும் தப்பிக்க முடியாது. 12,500-லும் கமாவுக்குப் பின் மூன்று இலக்கம்தானே இருக்கிறது? அதனால் மணி, நிமிடம், விநாடி மூன்றும் முன்னால் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கமாவைத் தொட வேண்டும். நோட்பேட்++, விஎஸ் கோட் போன்ற மென்பொருள்களின் 'தேடி மாற்று' பெட்டியில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் வசதியை இயக்கிவிட்டு, முதல் வரியைத் தேடும் இடத்திலும் இரண்டாம் வரியை மாற்றும் இடத்திலும் இட்டால் போதும்:

```
(\d\d:\d\d:\d\d),(\d\d\d)
$1.$2
```

பிறகு தலைப்பில் `WEBVTT` சேர்த்து, யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் `.vtt` என்ற பின்னொட்டோடு சேமிக்க வேண்டும். வேறு குறியாக்கத்தில் சேமித்தால் நேரம் சரியாக இருந்தும் தமிழ் எழுத்துகள் சிதைந்துவிடும். வரிசை எண்களை அழிக்க வேண்டியதில்லை. வெப்விடிடி அவற்றை ஏற்றுக்கொள்கிறது.

திரும்பி எஸ்ஆர்டிக்குப் போகும்போது வேலை கொஞ்சம் கூடும். வெப்விடிடியில் மணியை எழுதாமல் விடலாம். எனவே `01:04.250` என்பதற்கு முன்னால் `00:` சேர்க்க வேண்டும். நேரத்துக்குப் பின்னால் `align:start` போன்ற குறிப்புகள் ஒட்டியிருந்தால் நீக்க வேண்டும். வரிசை எண் இல்லையென்றால் புதிதாகப் போட வேண்டும்.

சிக்கலான வகை ஏஎஸ்எஸ். அதில் ஒரு நேரம் `0:01:04.25` என்று இருக்கும். இங்கே புள்ளிக்குப் பின்னால் இருப்பது மில்லி விநாடி அல்ல, விநாடியில் நூறில் ஒரு பங்கு. இதை எஸ்ஆர்டிக்கு மாற்றும்போது `,250` என்று பின்னால் சுழி வர வேண்டும். மூன்று இலக்கம் வேண்டுமே என்று முன்னால் சுழி போட்டு `,025` ஆக்கினால் வசனம் கால் விநாடி அளவுக்கு முந்திக்கொள்ளும். `.90` என்பது `,090` ஆனால் 0.81 விநாடி முன்னதாகவே மறைந்துவிடும். சில வசனங்கள் சரியாகவும் சில மட்டும் அவசரமாகவும் வந்து போனால் சுழி இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மாற்றிய கோப்பைச் சோதிக்க, படத்தின் தொடக்கம், தொகை பேசும் ஏதாவது ஒரு காட்சி, கடைசி வசனம் ஆகிய மூன்று இடங்களில் ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலான பிழைகள் அகப்பட்டுவிடும். தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக இடைவெளி கூடிக்கொண்டே வந்தால் அது கமா, புள்ளிச் சிக்கல் அல்ல. விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் பிரதிக்குத் தயாரித்த சப்டைட்டிலை 23.976 ஃபிரேம் பிரதியோடு சேர்த்தால், ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம் விலகிப் போகும். அதற்கு எல்லா நேரங்களையும் அந்த விகிதத்தில் பெருக்கித்தான் சரிசெய்ய முடியும்.