தீர்ப்புக்கு முன்பே எழுதப்படும் தொகை

லாரி மோதி ஒருவர் இறந்துவிடுகிறார். அவருடைய குடும்பம் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ரூ.75 லட்சம் கேட்டு மனு போடுகிறது. தீர்ப்பு வர நான்கு வருடம்கூட ஆகலாம். லாரிக்குக் காப்பீடு கொடுத்த நிறுவனத்தால் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. இந்த வழக்குக்கு எவ்வளவு கொடுக்க வேண்டி வரும் என்று இப்போதே கணித்து, தன் கணக்கில் கடனாகக் காட்ட வேண்டும். இந்த ஒதுக்கீட்டுக்குத்தான் ‘ரிசர்வ்’ என்று பெயர். என்ன தொகை, ஏன் அந்தத் தொகை என்று கிளெய்ம் மேலாளர் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதுவார். இரண்டு பக்கம் இருந்தால் அதிகம்.

மாதிரிக்கு ஒன்றைப் பார்ப்போம். இறந்தவருக்கு வயது 34, சொந்தமாக மெக்கானிக் கடை வைத்திருந்தவர். மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என்று நான்கு பேர் அவரை நம்பி இருந்தார்கள். மாதம் ரூ.25,000 சம்பாதித்தார் என்கிறது மனு. ஆனால் கணக்குப் புத்தகமும் இல்லை, வருமான வரித் தாக்கலும் இல்லை.

மேலாளர் ரூ.75 லட்சத்திலிருந்து தொடங்க மாட்டார். அது கேட்கும் தொகை, அவ்வளவுதான். தீர்ப்பாயம் எந்த வழியில் கணக்குப் போடுமோ அதே வழியில் அவரும் போடுவார். அந்த வழியை உச்ச நீதிமன்றம் 2009-இல் சரளா வர்மா வழக்கிலும் 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் வகுத்துவிட்டது. ஆதாரம் இல்லாததால் வருமானத்தை ரூ.15,000 என்று அவர் வைக்கிறார். சுயதொழில் செய்பவர், வயது நாற்பதுக்குள் என்பதால் எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் ரூ.21,000. நான்கு பேர் சார்ந்திருப்பதால் அவருடைய சொந்தச் செலவு என்று கால் பங்கைக் கழித்தால் ரூ.15,750. அதை 12 மாதத்தால் பெருக்கி, 34 வயதுக்கு உரிய பெருக்கல் எண்ணான 16-ஆலும் பெருக்கினால் ரூ.30,24,000 வருகிறது. துணையையும் தந்தையையும் மகனையும் இழந்ததற்கு, ஈமச்சடங்குக்கு என்ற வகைகளில் சுமார் ரூ.2.30 லட்சம் சேரும். மனு போட்ட நாளிலிருந்து 7.5 சதவீத வட்டி, நான்கு வருடத்துக்குச் சுமார் ரூ.9.76 லட்சம். வழக்கறிஞர் செலவு ரூ.70,000. ஆக, குறிப்பில் அவர் பரிந்துரைக்கும் ரிசர்வ் ரூ.43 லட்சம்.

கணக்கு யாரும் போட்டுவிடலாம். மேலாளரின் அனுபவம் தெரிவது அடுத்து வரும் பத்திகளில்தான். லாரி ஓட்டுநரின் உரிமம் காலாவதியாகி இருந்தது. ‘அப்படியானால் நாம் பொறுப்பில்லை, ரிசர்வைக் குறைக்கலாமே’ என்று மேலிடத்தில் ஒருவர் நிச்சயம் கேட்பார். இத்தகைய வழக்குகளில் தீர்ப்பாயங்கள் பெரும்பாலும், முதலில் குடும்பத்துக்குக் கொடு, பிறகு லாரி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்றுதான் உத்தரவிடுகின்றன. வசூல் ஆகுமா என்பது வேறு கதை. அதனால் அவர் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. பைக் சந்திலிருந்து திடீரென வந்தது என்கிறார் லாரி ஓட்டுநர். அதை நிரூபித்தால் இறந்தவர்மீது ஒரு பங்கு தவறு விழும், தொகையும் குறையும். ஆனால் எஃப்.ஐ.ஆர். லாரி ஓட்டுநர்மீது, அவரைத் தவிர வேறு சாட்சியும் இல்லை. அதற்கும் கழிவு கொடுக்கவில்லை.

குறிப்பின் மிக முக்கியமான வரி என்று நான் கருதுவது இதை: ‘மாத வருமானம் ஆயிரம் ரூபாய் கூடுதலாக நிரூபணமானால், இழப்பீடு வட்டிக்கு முன் ரூ.2,01,600 கூடும்.’ மனுவில் சொன்ன ரூ.25,000-ஐ வங்கிக் கணக்கு உறுதிசெய்தால், ரூ.30.24 லட்சம் ரூ.50.40 லட்சமாகிவிடும். ஆகவே வங்கி அறிக்கை தாக்கலாகும் அன்றே ரிசர்வை மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதி வைக்கிறார். எந்தச் செய்தி வந்தால் தொகை மாறும் என்பதை முன்கூட்டியே சொல்லாத குறிப்பு அரைகுறைக் குறிப்பு.

இப்படிச் செய்யாமல் முதலில் ரூ.12 லட்சம், அடுத்த வருடம் 20, தீர்ப்பு நெருங்கும்போது 40 என்று படிப்படியாக ஏற்றுகிறவர்களும் உண்டு. ஒரு வழக்கில் அது தெரியாது. ஆயிரம் வழக்குகளில் அப்படி நடந்தால், நிறுவனம் சில வருடங்கள் இல்லாத லாபத்தைக் காட்டி, பிரீமியத்தையும் குறைவாக நிர்ணயித்திருக்கும். தேவைக்கு மேல் ஒதுக்கினால் நல்ல தொழிலும் நஷ்டமாகத் தெரியும். இரண்டுமே தவறு.

இந்தக் குறிப்பு குடும்பத்தின் கண்ணில் படாது, தீர்ப்பாயத்தையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் குறிப்பும் தீர்ப்பும் வருமான ஆதாரம் என்ற ஒரே அச்சில்தான் சுழல்கின்றன. சொந்தத் தொழில் செய்பவர்கள் அன்றாட வரவை வங்கிக் கணக்கு வழியாகக் கொண்டுவாருங்கள். சிறியதானாலும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள்.