படம் நடுவில் நின்றால் பின்பக்கத்தைப் பாருங்கள்

டிவியில் செருகிய ஸ்ட்ரீமிங் ஸ்டிக், மெனுவில் ஒழுங்காக ஓடுகிறது. படத்தைப் போட்ட சில நிமிடங்களில் உறைகிறது, அல்லது திரை கறுத்து, நிறுவன லோகோவிலிருந்து மறுபடி தொடங்குகிறது. பலரும் வைஃபையைத்தான் திட்டுவார்கள். இணையம் மந்தமானால் வட்டம் சுற்றும், லோகோ வராது. லோகோ வந்தால் முதலில் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள்.

பல டிவிகளின் யுஎஸ்பி 2.0 போர்ட், பென் டிரைவுக்காக வைத்தது. அதன் வரையறை 5 வோல்ட்டில் 0.5 ஆம்பியர், அதாவது இரண்டரை வாட். ஸ்டிக்கோடு வரும் அடாப்டரோ பெரும்பாலும் 5 வோல்ட், 1 ஆம்பியர். மெனுவில் ஸ்டிக்குக்குக் கொஞ்சம் மின்சாரமே போதும். படம் ஓடும்போது பிராசஸரும் வைஃபையும் ஒரே நேரத்தில் உழைக்க, தேவை சட்டென்று ஏறும்; போர்ட்டால் ஈடுகொடுக்க முடியாமல் வோல்டேஜ் சரியும். மெல்லிய, நீளமான கேபிள் அதை இன்னும் குறைக்கும்.

சோதிப்பது எளிது. ஸ்டிக்கோடு வந்த கேபிளையும் அடாப்டரையும் சுவர் பிளக்கில் மாட்டி, அதே படத்தை ஓட்டுங்கள். தடையின்றி ஓடினால் குற்றவாளி டிவி போர்ட்தான். அப்படியும் நின்றால் சூட்டையும் மென்பொருளையும் பாருங்கள். புது ஸ்டிக் வாங்கக் கிளம்புவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.