சென்னையிலிருந்து விழுப்புரத்துக்கு எத்தனை வழி?

தமிழகத்தின் வடபகுதி ரயில் வரைபடத்தில் ஐந்து ஊர்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்: சென்னை, செங்கல்பட்டு, அரக்கோணம், காட்பாடி, விழுப்புரம். சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்கும் அரக்கோணத்துக்கும் தண்டவாளம் உண்டு. செங்கல்பட்டையும் அரக்கோணத்தையும் காஞ்சிபுரம் வழிப் பாதை இணைக்கிறது. அரக்கோணத்திலிருந்து காட்பாடிக்கும், அங்கிருந்து திருவண்ணாமலை வழியாக விழுப்புரத்துக்கும் போகலாம். செங்கல்பட்டிலிருந்து விழுப்புரத்துக்கு நேர்ப்பாதை. ஆக மொத்தம் ஆறு இணைப்புகள். இடையிலுள்ள நிலையங்களையும், இந்த ஊர்களிலிருந்து பிரியும் மற்றப் பாதைகளையும் விட்டுவிடுவோம். சென்ட்ரல் வேறு, எழும்பூர் வேறுதான். ஆனால் நம் கணக்கில் சென்னை ஒரே புள்ளி.

இந்த ஐந்தில் ஓர் ஊரிலிருந்து நேரடியாக அடுத்த ஊருக்குப் போவதை ஓர் ஓட்டம் என்போம். சரியாக நான்கு ஓட்டத்தில் சென்னையிலிருந்து விழுப்புரம் போய்ச்சேர எத்தனை வழி? வந்த வழியே திரும்பலாம், போன ஊருக்கே மறுபடியும் போகலாம். விரல்விட்டு எண்ணத் தொடங்கினால் ஏதாவது ஒன்று கட்டாயம் விட்டுப்போகும்.

அதற்குப் பதில் ஓர் அட்டவணை போடலாம். மேலே சொன்ன வரிசையிலேயே ஊர்களை இடப்பக்கமும் மேலேயும் எழுதி, இரண்டு ஊருக்கு நேர் இணைப்பு இருந்தால் 1, இல்லையென்றால் 0 என்று நிரப்ப வேண்டும்.

```
0 1 1 0 0
1 0 1 0 1
1 1 0 1 0
0 0 1 0 1
0 1 0 1 0
```

பள்ளியில் படித்த அணி இதுதான். இதை இதனாலேயே பெருக்கினால் இரண்டு ஓட்ட வழிகளின் எண்ணிக்கை கிடைக்கும். மூன்றாம் அடுக்குக்கு மூன்று ஓட்டம், நான்காம் அடுக்குக்கு நான்கு.

ஏன் இப்படி? கடைசி ஓட்டத்தைப் பாருங்கள். விழுப்புரத்துக்குள் நுழைய இரண்டே வாசல்கள், செங்கல்பட்டும் காட்பாடியும். எனவே நான்கு ஓட்டத்தில் விழுப்புரம் சேர்பவர் மூன்றாம் ஓட்டத்தின் முடிவில் இந்த இரண்டு ஊர்களில் ஒன்றில் இருந்தாக வேண்டும். சென்னையிலிருந்து மூன்று ஓட்டத்தில் செங்கல்பட்டு சேர 4 வழி, காட்பாடி சேர 2 வழி. கூட்டினால் 6. நிரையை நிரலோடு பெருக்கிக் கூட்டும்போது அணிப் பெருக்கல் செய்வதும் இதே வேலைதான்: இணைப்புள்ள ஊர்களின் எண்ணிக்கையை 1ஆல் பெருக்கிச் சேர்த்துக்கொள்கிறது, இல்லாததை 0ஆல் அழித்துவிடுகிறது. அந்த 4, 2 என்ற எண்களும் அதற்கு முந்தைய ஓட்டத்திலிருந்து இப்படியே வந்தவை. நாம் பள்ளியில் விதியை மட்டும் மனப்பாடம் செய்தோம். அது எதை எண்ணுகிறது என்று யாரும் சொல்லவில்லை.

சென்னையிலிருந்து எந்த ஊரில் முடிந்தாலும் சரி என்று எல்லா வழிகளையும் கூட்டினால் 2, 6, 14, 36, 88, 220 என்று ஏறுகிறது. போகப் போக ஒவ்வோர் எண்ணும் முந்தையதைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு.

கணக்கு சரியா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. இரண்டாம் அடுக்கின் மூலைவிட்டத்தில் 2, 3, 3, 2, 2 வர வேண்டும். இரண்டே ஓட்டத்தில் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப ஒரே உபாயம், பக்கத்து ஊருக்குப் போய் வருவது. ஆகவே அந்த எண்கள் ஒவ்வோர் ஊருக்கும் எத்தனை இணைப்பு என்பதைத்தான் காட்டும். மூன்றாம் அடுக்கின் மூலைவிட்டத்தைக் கூட்டினால் 6 வரும். அதை 6ஆல் வகுத்தால் 1. வரைபடத்தில் சென்னை, செங்கல்பட்டு, அரக்கோணம் என்ற ஒரே ஒரு முக்கோணம் இருக்கிறது. அதை மூன்று ஊர்களில் எங்கிருந்தும் தொடங்கி இரு திசையிலும் சுற்றலாம் என்பதால்தான் ஆறால் வகுக்கிறோம்.

கணினியில் போடுபவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எக்செலில் அணியின் மேல் `^2` போட்டால் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாக வர்க்கமாகும். 0ம் 1ம் வர்க்கமானாலும் மாறாதவை, ஆகவே பழைய அட்டவணையே அப்படியே திரும்பி வரும். விடை மாறவில்லை என்றால் இதுதான் காரணம். `MMULT` என்ற சார்பைப் பயன்படுத்த வேண்டும்.

இனி அந்த 6 வழிகளையும் விரித்துப் பார்ப்போம். சென்னை–செங்கல்பட்டு–சென்னை–செங்கல்பட்டு–விழுப்புரம் என்பதும் அதில் ஒன்று. டிக்கெட் எடுத்து யாரும் போகமாட்டார்கள். எந்த ஊரையும் இரண்டாம் முறை தொடாத வழி ஆறில் ஒன்றே ஒன்றுதான்: சென்னை, செங்கல்பட்டு, அரக்கோணம், காட்பாடி, விழுப்புரம். அணிக்கு நினைவு கிடையாது. இப்போது எந்த ஊரில் நிற்கிறோம் என்பது அதற்குத் தெரியும், எப்படி வந்தோம் என்பது தெரியாது.

ஊர் திரும்ப வராத வழிகளை மட்டும் எண்ண இதே போன்ற சுருக்குவழி இருக்கிறதா? இரண்டு புள்ளிகளுக்கு இடையே அத்தகைய வழிகளை எண்ணுவது மிகக் கடினமான எண்ணல் கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று லெஸ்லி வேலியன்ட் 1979இல் நிறுவினார். ஐந்து ஊர் என்றால் தாளில் எழுதியே எண்ணிவிடலாம். எவ்வளவு பெரிய வரைபடத்துக்கும் விரைந்து விடை தரும் முறை எதையும் இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.