கொசுப் படம் எத்தனை போட வேண்டும்?

ஐப்பசி மழை இரண்டு நாள் கொட்டி ஓய்ந்த ஒரு காலையில் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தி வந்தது.

"😱😱😱 டெங்கு அலர்ட் 🦟🦟🦟🦟 ☠️☠️ தண்ணீர் தேங்க விடாதீர்கள் 🙏🙏 விழிப்புடன் இருப்போம் 💪💪"

கொஞ்ச நேரத்தில் வரிசையாக 👍 விழுந்தன. ஒருவர் 😂 போட்டார், எதற்கென்று தெரியவில்லை. இன்னொருவர் தெருமுனைச் சாக்கடையைப் படம் பிடித்துப் போட்டு, "மாநகராட்சி என்ன செய்கிறது?" என்று கேட்டார். எழுந்து போய் ஒரு வாளியைக் கவிழ்த்தவர் யாருமில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

வியாழக்கிழமை கொசுப்புழு ஆய்வுக்கு வந்த பெண் பணியாளர் என் வீட்டு பால்கனியில் துளசித் தொட்டிக்கு அடியில் இருந்த தட்டில் டார்ச் அடித்தார். "சார், இங்க வந்து பாருங்க." இரண்டு விரல் உயரத் தண்ணீர். அதில் நூல் துண்டு போன்ற பத்துப் பதினைந்து புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. தட்டை லேசாகத் தட்டியதும் நெளிந்து நெளிந்து அடியில் போய் ஒளிந்தன. நான் அசடு வழிந்தபடி தட்டை எடுத்துக் கொட்டினேன். "கொட்டினா போதாது சார், தேய்ங்க" என்றார்.

அந்த ஒரு சொல்தான் எங்கள் செய்தியில் இல்லாமல் போனது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீரின் மேல் மிதக்க விடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமாக இருக்கும் உள்சுவரில் ஒட்டிவைக்கிறது. மிளகுத்தூள் சிதறியதுபோல் கறுப்பாக, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும் அவை கண்ணில் படுவது கடினம். தண்ணீரைக் கொட்டினால் புழுதான் சாகும். முட்டை சுவரிலேயே காய்ந்து மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் தண்ணீர் அந்த மட்டம் வரை ஏறினால் பொரிந்துவிடும். முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க நம் ஊர் வெயிலில் ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

"தேங்கிய தண்ணீர்" என்ற சொல்லிலும் ஒரு கோளாறு இருக்கிறது. அதைக் கேட்டதும் நம் மனத்தில் சாக்கடையும் சேறும் கறுத்த குட்டையும்தான் தோன்றும். அங்கே வளர்வது பெரும்பாலும் இரவில் காதருகே ரீங்கரிக்கும் கியூலெக்ஸ் கொசு. காலில் வெள்ளை வரியோடு பகலில் கடிக்கும் ஏடிஸுக்கு வேண்டியது ஓரளவு சுத்தமான தண்ணீர். செடித்தட்டு, மூடாத டிரம், ஏசித் தண்ணீர் பிடிக்கும் வாளி, ஃப்ரிட்ஜின் பின்புறத் தட்டு, யாரும் அரைக்காத ஆட்டுக்கல்லின் குழி ஆகியவையே அதன் இடங்கள். அந்தச் செய்தி எல்லோரையும் தெருவைப் பார்க்க வைத்தது. கொசு வீட்டுக்குள் இருந்தது.

ஆகவே செய்தியை மாற்றி எழுதும் வேலை, புழு வளர்த்த குற்றத்துக்கு எனக்கே வந்து சேர்ந்தது.

முதலில் எல்லாப் படங்களையும் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு மனம் மாறினேன். எங்கள் குழுவில் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் உண்டு, இந்தி மட்டுமே தெரிந்த காவலாளி உண்டு. அவர்களுக்கு 🪣 ஒரு வரியை மிச்சப்படுத்தும். கொசுப் படமும் வேடிக்கைக்காக வந்ததல்ல. பொதுச் சுகாதாரச் செய்திகளுக்கு உதவும் என்று கேட்ஸ் அறக்கட்டளையையும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவர்கள் விண்ணப்பித்துத்தான் 2018இல் அது கைப்பேசிப் படங்களின் பட்டியலில் சேர்ந்தது.

பழைய செய்தியைத் திரும்பப் படித்தபோது ஒன்று புரிந்தது. 😱, 🙏, 💪 எல்லாம் அனுப்பியவரின் மனநிலையைச் சொல்கின்றன. படிப்பவர் எங்கே போய் நிற்க வேண்டும் என்று அவை காட்டவில்லை. பொருளைக் காட்டும் படம் அதைக் காட்டும். முகங்களை நீக்கிப் பொருள்களை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒரு பொருளுக்கு ஒரு படம், அதுவும் வரியின் தொடக்கத்தில். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூன்றாம் மாடியில் பார்வை மங்கிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய கைப்பேசி செய்திகளை வாய்விட்டுப் படிக்கும். முதல் செய்தி அவருக்கு "கொசு, கொசு, கொசு, கொசு, மண்டையோடு" என்று ஒலித்ததாம். "தம்பி, கடைசி வரைக்கும் விஷயத்துக்கே வரல" என்றார்.

கடைசியில் போனது இது:

"⚠️ நம் குடியிருப்பில் கொசுப்புழு இருக்கிறது. வியாழன் அன்று பி பிளாக் மொட்டை மாடி டிரம்மிலும் ஒரு வீட்டின் செடித்தட்டிலும் கண்டோம்.
ஞாயிறு காலை 7 மணிக்கு உங்கள் வீட்டில் இவற்றைப் பாருங்கள்:
🪴 செடித்தொட்டியின் அடித்தட்டு
🪣 மூடாத வாளி, டிரம்
❄️ ஃப்ரிட்ஜ் பின்தட்டு, ஏசி வாளி
தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டி, உள்சுவரை நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். கொட்டினால் மட்டும் முட்டை போகாது.
முடித்ததும் வீட்டு எண்ணோடு ✅ போடுங்கள்."

👍 வேண்டாம் என்று தனியாகவே சொல்லிவிட்டோம். அது "படித்தேன்" என்பதா, "செய்தேன்" என்பதா, "சரி விடுங்கள்" என்பதா என்று யாருக்குத் தெரியும்?

காய்ச்சலைப் பற்றிய பகுதியைத் தனிச் செய்தியாக அனுப்பினோம். முதல் வரைவில் அதற்கும் 🤒, 🤮, 🩸 என்று போட்டிருந்தேன். என் மகள் பார்த்துவிட்டு, "அப்பா, இந்த 🤮 நாங்க கேன்டீன் உப்புமாவுக்குப் போடுறது" என்றாள். அழித்தேன். அந்தப் பகுதியில் ஒரு படம்கூட வைக்கவில்லை. டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கி, வீட்டில் எல்லோரும் அப்பாடா என்று மூச்சுவிடும் நேரத்தில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கலாம். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கைகால் சில்லிடுதல், அமைதியின்மை அல்லது எழ முடியாத அசதி, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலிக்கு ஆஸ்பிரினோ இபுபுரூஃபனோ நாமாக வாங்கிப் போடக்கூடாது, அவை ரத்தக் கசிவைக் கூட்டும். இதையெல்லாம் முழு வாக்கியங்களாக எழுதி, சந்தேகம் கேட்க 104 என்ற எண்ணையும் சேர்த்தோம்.

ஞாயிறு மதியத்துக்குள் பாதிக்கு மேற்பட்ட வீடுகளிலிருந்து ✅ வந்துவிட்டது. ஒருவர் பால்கனித் தட்டில் புழு நெளிவதைக் காணொளியாகவே எடுத்துப் போட்டார். அதைப் பார்த்த பிறகு மாலைக்குள் இன்னும் சில வந்தன. மொட்டை மாடித் தொட்டியின் உடைந்த மூடியை மாற்றுவதும், வழிந்தோடும் குழாய் வாயில் கொசுவலைத் துணி கட்டுவதும் சங்கத்தின் வேலை. அதற்கு ✅ போடச் செயலாளருக்கு மேலும் நான்கு நாள் ஆனது.

பூட்டிய வீடுகள்தான் மிச்சம். அவற்றின் சொந்தக்காரர்கள் குழுவை ஒலியடக்கி வைத்திருப்பார்கள், எந்தப் படமும் அவர்களை எட்டாது. ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தோம், பெங்களூரில் இருந்தார். "வீடே காலி, அங்க என்ன தண்ணி?" என்று சிரித்தார். சாவியை அனுப்பினார். குளியலறையில், ஊருக்குப் போகுமுன் யாரோ நிரப்பி வைத்த வாளி. டார்ச் அடித்தேன். அசைவில்லை என்று நினைத்து விளிம்பைத் தட்டினேன். எல்லாம் ஒன்றாக அடியை நோக்கி நெளிந்தன.