வர்க்கம் விழுங்கிய கழித்தல் குறி

x² என்ற சார்பை −1 முதல் 2 வரை தொகையிடுவது பிளஸ் டூ மாணவருக்கு இரண்டு வரி வேலை. x³/3 என்பதில் 2-ஐப் போட்டால் 8/3, −1-ஐப் போட்டால் −1/3. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் விடை 3.

இதையே u = x² என்று பிரதியிட்டுச் செய்து பார்ப்போம். x = √u என்று எழுதினால் dx = du/(2√u). x² dx என்பது (√u/2) du ஆகிவிடும். x = −1 எனும்போது u = 1; x = 2 எனும்போது u = 4. எனவே 1 முதல் 4 வரை தொகையிட்டால் 8/3 − 1/3, அதாவது 7/3. எந்த வரியும் தவறாகத் தெரியவில்லை. ஆனாலும் விடையில் 2/3 குறைகிறது.

கோளாறு x = √u என்ற வரியில் இருக்கிறது. √u ஒருபோதும் குறை எண் ஆகாது. நம் x-ஓ −1-இல் தொடங்குகிறது. −1, 1 இரண்டுக்கும் வர்க்கம் 1தான். ஆகவே u = 1 என்று மட்டும் தெரிந்தால் x எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. இந்த இடைவெளியில் x² ஒன்றுக்கு ஒன்றான சார்பு அல்ல என்பதன் பொருள் இதுதான்.

x நகர நகர u என்ன செய்கிறது என்று பாருங்கள். x, −1-இலிருந்து 0-க்கு வரும்போது u, 1-இலிருந்து 0-க்கு இறங்குகிறது. பிறகு 0-இலிருந்து 4-க்கு ஏறுகிறது. 1, 4 என்று எல்லைகளை மட்டும் எழுதினால் இந்த இறக்கம் கண்ணில் படுவதில்லை. இரு பக்கமும் √u என்றே கொண்டதால், இறங்கும்போது சேர வேண்டிய 1/3 கழிந்துவிட்டது. சேராதது 1/3, கழிந்தது 1/3; ஆக 2/3 குறைந்தது.

சரிசெய்ய, 0-இல் இரண்டாகப் பிரிக்க வேண்டும். இடப்பக்கத்தில் x = −√u, dx = −du/(2√u); u-வின் எல்லைகள் 1 முதல் 0 வரை. விடை 1/3. வலப்பக்கத்தில் x = √u; எல்லைகள் 0 முதல் 4 வரை. விடை 8/3. கூட்டினால் 3.

அதற்காக u = x² என்பதையே ஒதுக்க வேண்டியதில்லை. 2x(x² + 1) என்பதை அதே −1 முதல் 2 வரை தொகையிடுங்கள். 2x dx அப்படியே du ஆகிவிடுகிறது. மிஞ்சுவது (u + 1) du. 1 முதல் 4 வரை விடை 10.5. நேர்வழியிலும் அதேதான் வருகிறது. இங்கே x-ஐ u-வாகத் திருப்பி எழுதும் தேவையே வரவில்லை. அதனால் குறி தொலையவும் வழியில்லை.

ஆகவே, கணக்கின் நடுவே வர்க்கமூலம் எடுத்து x-ஐ எழுதும்போது மட்டும் நின்று பாருங்கள். இடைவெளிக்குள் 0 இருந்தால் அங்கே பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டுக்கும் உரிய குறியைப் போட்ட பிறகே மேலே செல்ல வேண்டும்.