ரெஸ்யூமேயின் தலைப்பில் மூன்று வாக்கியங்கள்

கடல் கடந்து படிக்க… (தொடர்)

1972 ஜூன் 23 அன்று எம்.வி. நிஹோன் என்ற கப்பல் தஞ்சோங் பகார் முனையத்துக்கு வந்து சேர்ந்தது. சிங்கப்பூருக்கு வந்த முதல் கொள்கலன் கப்பல் அது. புறப்பட்ட இடம் ராட்டர்டாம். அதே ராட்டர்டாமில் உள்ள எராஸ்மஸ் பல்கலைக்கழகத்தில் கடல்சார் பொருளாதாரமும் தளவாடமும் என்ற ஓராண்டு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. துறைமுகத்தில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர் அதைக் குறிவைக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இந்த வாரம் தன் ரெஸ்யூமேயைக் காட்டினார். பெயர் வேண்டாம், தங்கை என்றே சொல்கிறேன். இங்கேயே தொழில்துறைப் பொறியியல் படித்துவிட்டு, மூன்று ஆண்டுகளாகக் கொள்கலன் முனையம் ஒன்றில் யார்ட் பிளானராக இருக்கிறார். எந்தப் பெட்டியை எந்த அடுக்கில் வைப்பது என்று முன்கூட்டியே தீர்மானிக்கும் வேலை அது.

தஞ்சோங் பகார் பிளாசாவின் காப்பிக் கடையில் உட்கார்ந்து அவருடைய ரெஸ்யூமேயின் தலைப்பகுதியை வாசித்தோம். ஆங்கிலத்தில் இருந்ததன் சாரம் இதுதான்: கடின உழைப்பும் உயர்ந்த ஊக்கமும் கொண்ட பொறியாளர், தளவாடத் துறையில் தீராத ஆர்வம் உள்ளவர், புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் பயின்று தம் அறிவை விரிவாக்கிக்கொள்ள விழைகிறார்.

“இதில் எந்த வரி உன்னுடையதுன்னு சொல்லு” என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, “எதுவும் இல்லக்கா” என்றார். இதே வரிகளை ஒரு வங்கி ஊழியர் போட்டிருந்தாலும் பொருந்தும். தளவாடம் என்ற சொல்லை மட்டும் மாற்றினால் போதும்.

இந்தச் சுருக்கம் யாருக்காக என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் விண்ணப்பம் பெரும்பாலும் இரண்டு கை மாறும். சேர்க்கை அலுவலகம் பட்டம், மதிப்பெண் பட்டியல், ஆங்கிலத் தேர்வு ஆகியவை தகுதிக்கு உட்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கும். அங்கே உங்கள் சுருக்கத்துக்கு வேலையே இல்லை. அதைத் தாண்டிய விண்ணப்பங்கள்தான் பாடத்துறை ஆசிரியர்களிடம் போகின்றன. அவர்கள் ரெஸ்யூமேயை மேலிருந்து படிக்கும்போது, கீழே எதைத் தேட வேண்டும் என்று காட்டிவிடுவதுதான் சுருக்கத்தின் ஒரே பணி. மதிப்பெண் குறைவை அது ஈடுகட்டாது. நோக்க அறிக்கை சொல்ல வேண்டிய கதையையும் அது சொல்லக் கூடாது.

எல்லோருக்கும் இது தேவை என்றும் நான் நினைக்கவில்லை. பட்டம் முடித்த கையோடு அதே துறையில் மேற்படிப்புக்குப் போகிறவருக்கு ரெஸ்யூமே ஒரு பக்கம்தான் இருக்கும், கல்விப் பகுதியே எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோபாஸ் படிவத்தில் ‘என்னைப் பற்றி’ என்று ஒரு கட்டம் மேலேயே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு எதையாவது எழுதி நிரப்ப வேண்டுமே என்று பலர் தவிக்கிறார்கள். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் அதைக் காலியாக விடலாம். ஆனால் படித்தது ஒன்று, பார்க்கும் வேலை வேறு, படிக்கப் போவது மூன்றாவது என்று இருப்பவருக்குச் சுருக்கம் அவசியம். பொறியியல் படித்தவர் ஏன் பொருளாதாரத்துக்கு வருகிறார் என்ற கேள்வி, பதில் கிடைக்கும்வரை வாசிப்பவர் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். தங்கையின் நிலை அதுதான்.

எனவே பழைய வரிகளை ஒதுக்கி வைத்துவிட்டு வேலையைப் பற்றிப் பேசச் சொன்னேன். பேசத் தொடங்கியதும் வேறு ஆளாகிவிட்டார்.

சிங்கப்பூருக்கு வரும் பெட்டிகளில் பெரும்பாலானவை இங்கே இறங்கித் தங்குவதற்காக வருவதில்லை. ஒரு கப்பலிலிருந்து இறக்கி, யார்டில் சில நாள் அடுக்கி, இன்னொரு கப்பலில் ஏற்றிவிடுவார்கள். முதலில் போக வேண்டிய பெட்டி மேலே இருக்க வேண்டும், பிறகு போவது கீழே. இந்தக் கணக்கு கப்பல்கள் சொன்ன நாளில் வந்தால்தான் சரிப்படும். பிந்தி வரவேண்டிய கப்பல் முந்திக்கொண்டால் அதற்கான பெட்டிகள் அடியில் மாட்டிக்கொள்ளும். பாரந்தூக்கி மேலிருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வேறிடத்தில் வைத்த பிறகே கீழே இருப்பதை எடுக்க முடியும். அந்த வீண் தூக்கலுக்கு யாரும் காசு தருவதில்லை, நேரமும் போய்விடும்.

2023 இறுதியில் செங்கடல் வழியைத் தவிர்த்துக் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரத் தொடங்கின. 2024-ல் அட்டவணைகள் குலைந்து, பல கப்பல்கள் ஒரே நேரத்தில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. நெரிசலைச் சமாளிக்கக் கெப்பல் முனையத்தில் ஏற்கெனவே பயன்பாட்டிலிருந்து விலக்கியிருந்த பழைய நிறுத்துமிடங்களையும் யார்டுகளையும் திரும்பத் திறக்க வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் தங்கை இரவு ஷிஃப்டில் இருந்தார். எந்தச் சேவையின் கப்பல்கள் சொன்ன நாளை அதிகம் தவறவிடுகின்றன என்று ஒரு தாளில் குறித்து வந்திருக்கிறார். நம்ப முடியாத கப்பல்களுக்கான பெட்டிகளை மற்றவற்றோடு கலக்காமல் தனி வரிசையில், உயரம் குறைத்து அடுக்கிப் பார்த்திருக்கிறார்கள். இடம் கூடுதலாகப் பிடித்தது, வீண் தூக்கல் குறைந்தது.

“அப்புறம் எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சுக்கா. கப்பல் லேட்டா வந்ததுக்கு நாங்க இடத்தை விட்டுக்கொடுத்தோம். அந்த இடத்துக்கு யாரு காசு குடுக்கிறது? கப்பல் கம்பெனியா, முனையமா, சரக்குக்குச் சொந்தக்காரரா?”

அவர் ஏன் பொருளாதாரம் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது. ரெஸ்யூமேயில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

மூன்று வாக்கியங்கள் எழுதினோம். முதல் வாக்கியம் இப்போது எங்கே நிற்கிறார் என்பது: சிங்கப்பூர்க் கொள்கலன் முனையம் ஒன்றில் மூன்று ஆண்டுகளாக யார்ட் திட்டப் பணியில் இருக்கும் தொழில்துறைப் பொறியாளர். இரண்டாவது, செய்த ஒரு காரியம்: 2024-ல் கப்பல்கள் அட்டவணை தவறி வந்த மாதங்களில், வருகையின் நம்பகத்தைக் கொண்டு பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் முறையை வகுத்துத் தன் ஷிஃப்டில் சோதித்தவர். மூன்றாவது, படிக்க விரும்பும் கேள்வி: அட்டவணை குலைவதால் ஏற்படும் செலவு கப்பல் நிறுவனம், முனையம், சரக்கு உரிமையாளர் ஆகியோரிடையே எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதைத் துறைமுகப் பொருளாதாரத்தின் வழியே ஆராய விரும்புகிறார். ஆங்கிலத்தில் அறுபது, எழுபது சொற்களுக்குள் இது அடங்கிவிடும். அதற்கு மேல் போனால் வாசிப்பவர் அதைத் தாண்டிக் கல்விப் பகுதிக்குப் போய்விடுவார்.

இரண்டாவது வாக்கியத்தில்தான் அதிக நேரம் போனது. வீண் தூக்கல் எத்தனை விழுக்காடு குறைந்தது என்று எழுத வேண்டும் என்று தங்கை விரும்பினார். எண் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த எண் நிறுவனத்தின் உள்தகவல். அனுமதி இல்லாமல் வெளியே சொன்னால் வேலை ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும். துறைமுகத்தை அறிந்த ஆசிரியர், இவர் நாளை எங்கள் தரவை எப்படிக் காப்பார் என்றும் யோசிப்பார். விளைவின் அளவுக்குப் பதிலாக வேலையின் எல்லையைச் சொல்லலாம். எந்தக் காலம், எந்த அளவில் சோதனை, தன் பங்கு என்ன என்பவை போதும். ஒரு ஷிஃப்டில் செய்த சோதனையை முனையம் முழுவதும் செய்ததுபோல் தொனிக்க விடாமல், ‘தன் ஷிஃப்டில்’ என்று எழுதியது அந்த வாக்கியத்துக்கு வலுவைத்தான் சேர்த்தது.

எம்.வி. நிஹோன் கதையையும் சுருக்கத்தில் சேர்க்க அவருக்கு ஆசை. நல்ல கதை, நோக்க அறிக்கையின் முதல் பத்தியில் அதற்கு இடம் உண்டு. சுருக்கத்தில் போட்டால் மூன்றில் ஒரு வாக்கியத்தை அது தின்றுவிடும். பையன்கள் இதேபோல் தேசிய சேவையைப் பற்றிக் கேட்பார்கள். தொடக்கக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே உள்ள இரண்டு ஆண்டு இடைவெளிக்கு அது விளக்கம், ஆகவே கீழே தேதியுடன் கட்டாயம் இருக்கட்டும். படிக்கப்போகும் பாடத்தோடு நேரடித் தொடர்பு இருந்தால் மட்டும் மேலே ஏறட்டும்.

தங்கை டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்கிறார். அங்கே போக்குவரத்து, உள்கட்டமைப்பு, தளவாடம் என்ற இரண்டாண்டுப் படிப்பு. அதில் கணித மாதிரிகளுக்கு எடை அதிகம். பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் மாற்றி அதே சுருக்கத்தை அனுப்புவதுதான் பெரும்பாலோர் செய்வது. பெயரை மாற்ற மறந்து, ராட்டர்டாம் என்றே டெல்ஃப்டுக்குப் போன கோப்பை நானே பார்த்திருக்கிறேன். சுருக்கத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரே வேண்டாம் என்பது என் கருத்து. பெயருக்குப் பதில் கேள்வி மாறட்டும். செலவை யார் சுமக்கிறார் என்பது ராட்டர்டாமுக்கு. வருகை நேரம் நிச்சயமில்லாதபோது அடுக்கும் முறையை எப்படிக் கணக்கிட்டுத் தீர்மானிப்பது என்பது டெல்ஃப்டுக்கு. முதல் இரண்டு வாக்கியங்கள் இரண்டுக்கும் ஒன்றுதான், ஏனென்றால் நடந்தது ஒன்றுதான்.

பிறகு ஒரு பேனாவை எடுத்து, சுருக்கத்தின் ஒவ்வொரு வாக்கியத்திலிருந்தும் கீழே அதற்கு ஆதாரமான வரிக்குக் கோடு போடச் சொன்னேன். முதல் வாக்கியத்தின் கோடு வேலை அனுபவத்தில் போய் நின்றது. மூன்றாவதுக்கு, பட்டப்படிப்பில் எடுத்த பொருளாதாரப் பாடம் கைகொடுத்தது, அது கல்விப் பகுதியில் விடுபட்டிருந்ததைச் சேர்த்தோம். இரண்டாவதுக்குக் கோடு போட இடமே இல்லை. வேலை அனுபவத்தின் கீழ் ‘யார்ட் திட்டமிடலில் உதவினார்’ என்று மட்டும் இருந்தது. மேலே வகுத்தார், கீழே உதவினார் என்றால் வாசிப்பவர் கீழே உள்ளதைத்தான் நம்புவார். அந்த வரியை இரண்டு வரியாக விரித்து, என்ன குறிப்பெடுத்தார், அதை வைத்து என்ன மாற்றினார் என்று எழுதினார்.

கடைசியாக, பரிந்துரைக் கடிதம் தரப்போகும் ஷிஃப்ட் மேலாளரிடம் காட்டச் சொல்லி அனுப்பினேன். கடிதத்தில் அவர் சொல்வதும் சுருக்கத்தில் இவர் சொல்வதும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் படிக்கப்படும். மறுநாள் தங்கை போன் செய்தார். மேலாளர் ஒரே ஒரு திருத்தம் சொன்னாராம்: குறிப்பெடுத்தது நீ, முறையை வகுத்தது நீயும் இன்னும் இரண்டு பேரும். “அப்படிப் போட்டா என் பங்கு குறைஞ்சு தெரியாதாக்கா?” என்று கேட்டார். கடிதத்தில் மேலாளர் மூன்று பேர் என்று எழுதத்தான் போகிறார் என்றேன். ‘இரண்டு சக ஊழியர்களுடன் சேர்ந்து’ என்று வாக்கியத்தில் சேர்த்து, சொற்களை எண்ணிப் பார்த்துவிட்டு, அன்றிரவே ராட்டர்டாமுக்கான கோப்பை ஏற்றிவிட்டார்.

(தொடரும்)