முதலில் முடிவது முதலில் போகட்டும்

மாத்திரை அட்டையின் பின்புறத்திலோ மருந்துப் பாட்டிலின் லேபிளிலோ நான்கைந்து எழுத்துகளும் எண்களும் சேர்ந்த ஒரு குறி பதிந்திருக்கும். அதுதான் பேட்ச் நம்பர், அதாவது தொகுதி எண். ஒரே கலவையிலிருந்து ஒரே தடவையில் தயாராகி வந்த எல்லா மாத்திரைகளும் அந்த ஒரே எண்ணைத் தாங்கி வெளியே போகின்றன. ஒரு தொகுதியில் லட்சக்கணக்கான மாத்திரைகள் இருக்கலாம். அவற்றில் ஒன்றில் கோளாறு கண்டால் மற்றவற்றையும் சந்தேகிக்க வேண்டும். அடுத்த தொகுதியைச் சந்தேகிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மருந்து மொத்த விற்பனையாளரின் கிடங்கில் ஒரே பெயருள்ள மாத்திரை ஐந்து தொகுதிகளில் இருந்தால், அதை ஒரே சரக்காக அல்ல, ஐந்து சரக்குகளாகவே கணக்கில் வைப்பது இதனால்தான்.

தொகுதி எண்ணுக்குப் பக்கத்திலேயே தயாரித்த மாதமும் காலாவதி மாதமும் இருக்கும். 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி காலாவதி மாதமும் ஆண்டுமாகக் குறிக்கப்படுகிறது. அந்த மாதத்தின் கடைசி நாள்வரை மருந்தைப் பயன்படுத்தலாம் என்பது அதன் பொருள். லேபிளில் ‘05/2026’ என்றிருந்தால் 2026 மே 31 வரை விற்கலாம், ஜூன் 1 அன்று விற்கக் கூடாது. மருந்தைக் குறிப்பிட்ட வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வைத்து, மாதக்கணக்கில் அவ்வப்போது சோதித்து, அதன் வீரியம் அனுமதித்த அளவுக்குள் எத்தனை காலம் நிற்கிறது என்று பார்த்துத்தான் தயாரிப்பாளர் இந்தத் தேதியை முடிவு செய்கிறார். லேபிளில் சொன்னபடி பாதுகாத்தால் மட்டுமே தேதி செல்லும். தகரக் கூரையின் கீழ் கோடை வெயிலில் வெந்து கிடந்த மருந்துக்கு அட்டையில் இருக்கும் தேதி எந்த உத்தரவாதமும் தராது.

மளிகைக் கிடங்கில் முதலில் வந்த மூட்டையை முதலில் வெளியே அனுப்புவது வழக்கம். மருந்துக் கிடங்கில் இந்த வழக்கம் பல சமயம் தவறிப்போகும். இன்று வந்த சரக்கு சென்ற மாதம் வந்ததைவிடச் சீக்கிரம் காலாவதியாகலாம். நிறுவனத்தின் டிப்போவில் தேங்கிக் கிடந்த பழைய தொகுதி தாமதமாக வந்து சேரும். விற்காத சரக்கைக் கடைக்காரர்கள் திருப்பிக் கொடுப்பார்கள். அதுவும் குறைந்த ஆயுளோடுதான் கிடங்குக்குத் திரும்பும். எனவே வந்த தேதியைப் பார்க்காமல் முடியும் தேதியைப் பார்த்து, முதலில் காலாவதியாகும் தொகுதியை முதலில் எடுக்கிறார்கள். மருந்து வணிகத்தில் இதை ‘ஃபெஃபோ’ என்கிறார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மதுரையில் ஒரு ஸ்டாக்கிஸ்ட்டிடம் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு தொகுதிகளில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அக்டோபரில் வந்த 417ஆம் தொகுதியில் 120 பாக்ஸ். அது 2026 ஆகஸ்ட் வரை செல்லும். டிசம்பரில் வந்த 392ஆம் தொகுதியில் 48 பாக்ஸ். அது 2026 மே வரைதான் செல்லும். வாரத்துக்கு 15 பாக்ஸ் விற்கிறது. மூன்று மாதத்துக்கும் குறைவான ஆயுளுள்ள சரக்கைக் கடைக்காரர்கள் வாங்குவதில்லை. ஆகவே 392ஐ பிப்ரவரி முடிவதற்குள் விற்றாக வேண்டும்.

ஜனவரி 5 முதல், வந்த வரிசைப்படி 417ஐ எடுத்தால் 120 பாக்ஸும் தீர எட்டு வாரம் ஆகும். அப்போது மார்ச் பிறந்திருக்கும். 392இன் முறை வரும்போது 48 பாக்ஸில் ஒன்றைக்கூட யாரும் வாங்க மாட்டார்கள். முடியும் வரிசைப்படி 392ஐ முதலில் எடுத்தால் மூன்று வாரத்துக்குச் சற்று மேலான காலத்தில், ஜனவரிக் கடைசியில், அது தீர்ந்துவிடும். பிறகு தொடங்கும் 417 மார்ச் நான்காம் வாரத்தில் தீரும். அதன் கடைசி பாக்ஸ் போகும்போதும் ஐந்து மாதத்துக்கு மேல் ஆயுள் மிச்சம் இருக்கும். சரக்கும் அதேதான், விற்பனையும் அதேதான். எடுக்கும் வரிசையை மாற்றியதில் 48 பாக்ஸ் தப்பியது.

கணினியில் பில் போடும்போது இந்த வரிசையை மென்பொருளே காட்டிவிடும். ஆனால் பாக்ஸை ரேக்கிலிருந்து எடுப்பது மனிதக் கை. நான்காம் வாரத்தில் 392இல் மூன்று பாக்ஸ்தான் மிச்சம் இருக்கும். அப்போது ஒரு கடைக்காரர் பத்து பாக்ஸ் கேட்கிறார். பில்லில் இரண்டு வரிகள் விழும்: 392இல் 3, 417இல் 7. ரேக்கில் 417 கைக்கெட்டும் உயரத்தில் திறந்த கேஸில் இருக்கிறது. 392 மேல்தட்டில் உள்ளே தள்ளிக் கிடக்கிறது. நேரம் நெருக்குகிறது, டெலிவரி வண்டி வாசலில் நிற்கிறது. எடுக்கிற பையன் பத்தையும் 417இலிருந்தே எடுத்து வைத்துவிடுகிறான். பெயர் சரி, எண்ணிக்கை சரி, கடைக்காரருக்கும் குறை தெரியாது.

இந்தத் தவறைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம். கணக்கின்படி 392இல் ஒன்றும் இல்லை, 417இல் 113 பாக்ஸ் இருக்கிறது. ரேக்கில் 392இல் மூன்றும் 417இல் 110ம் இருக்கின்றன. இரண்டையும் கூட்டினால் 113தான். மாதக் கடைசியில் மருந்துவாரியாக எண்ணிப் பார்ப்பவருக்குக் கணக்கு கச்சிதமாகவே தெரியும். தொகுதிவாரியாக எண்ணினால்தான் குட்டு வெளிப்படும். அதுவரை அந்த மூன்று பாக்ஸ், கணினியில் பெயரே இல்லாமல் மேல்தட்டில் காலாவதியாகிக் கொண்டிருக்கும். அந்தக் கடைக்காரரும் பின்னால் சிக்குவார். அவர் கையில் இருப்பது 417இல் பத்து, பில்லில் இருப்பதோ ஏழு. விற்காததைத் திருப்பிக் கொடுக்கும்போது, பில்லில் இல்லாத மூன்று பாக்ஸை ஏற்க மறுத்துவிடுவார்கள்.

இதைத் தடுக்க நல்ல கிடங்குகளில் ஒரு தட்டில் ஒரே தொகுதியைத்தான் வைக்கிறார்கள். இடம் போதாமல் இரண்டைச் சேர்த்து வைக்க நேர்ந்தால், சீக்கிரம் முடிவது முன்னால், பிந்தி முடிவது பின்னால். கேஸின் எந்தப் பக்கத்தில் தொகுதி எண் அச்சாகியிருக்கிறதோ அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி அடுக்குவார்கள். எடுத்ததைப் பேக் செய்யும் முன் இரண்டாவது ஆள் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு தொகுதி எண்ணை வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பார். அலுப்பான வேலை, ஆனால் மேலே சொன்ன தவறைப் பிடிக்க வாசலுக்கு முன் இருக்கும் கடைசி இடம் அதுதான்.

இன்னொரு தவறு சரக்கு உள்ளே வரும்போதே நுழைந்துவிடுகிறது. கம்பெனி பில்லைப் பார்த்துக் கணினியில் ஏற்றுபவர் ‘05/2026’ என்பதை ‘05/2027’ என்று தட்டிவிட்டால், அந்தத் தொகுதி வரிசையின் கடைசிக்குப் போய்விடும். மென்பொருள் அதை எடுக்கச் சொல்லவே சொல்லாது. காலாவதி நெருங்கும் சரக்கின் மாதப் பட்டியலிலும் அது வராது. ஃபெஃபோ முறையை ஒழுங்காகக் கடைப்பிடிப்பதாலேயே அந்தச் சரக்கு பத்திரமாகப் பாழாகும். இதைப் பிடிக்க எளிய வழி உண்டு. ஒரு மருந்தின் ஆயுள் 24 மாதம் என்றால், அதன் எல்லாத் தொகுதிகளிலும் தயாரித்த மாதத்துக்கும் காலாவதி மாதத்துக்கும் இடையே ஏறக்குறைய அதே இடைவெளிதான் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் 36 மாதம் வந்தால் பெட்டியை எடுத்துப் பார்க்க வேண்டும். பில்லை மட்டும் பார்த்து ஏற்றாமல் கேஸைத் திறந்து, மாத்திரை அட்டையில் உள்ளதை நேரில் படித்து ஏற்றுவது இன்னும் நல்லது. அலுமினியத் தாளில் அழுத்திப் பதித்த எண்கள் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். பூஜ்யமும் ஆங்கில ‘ஓ’வும், எட்டும் ‘பி’யும் கண்ணை ஏமாற்றும்.

முதலில் முடிவதை முதலில் அனுப்பு என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆறு மாத ஆயுள் வேண்டும் என்று நிபந்தனை போட்டு வாங்கும் மருத்துவமனைக்கு நான்கு மாதம் உள்ள தொகுதியை அனுப்ப முடியாது. அதைத் தாண்டி அடுத்த தொகுதியை எடுக்க வேண்டும். தாண்டப்பட்ட சரக்கு வேகமாக விற்கும் கடைக்கு, அவர் சம்மதத்தோடு, போக வேண்டும். மூன்று மாதத்துக்கான மருந்தை மொத்தமாக வாங்கிச் செல்லும் நோயாளி கடைசி மாத்திரையை விழுங்கும் நாளில்தான் காலாவதி தேதிக்கு உண்மையான சோதனை. கிடங்கை விட்டுப் போகும் நாளில் தேதி செல்லுபடியாக இருந்தால் மட்டும் போதாது.

தொகுதி எண் உயிர்காக்கும் வேலையைச் செய்வது திரும்பப் பெறும்போதுதான். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் சிரப்பின் எஸ்ஆர்-13 என்ற தொகுதியைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அக்டோபர் தொடக்கத்தில் சோதித்தபோது, அதில் 48.6 விழுக்காடு டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது. அந்தத் தொகுதி 2025 மே மாதம் தயாரானது. லேபிளில் இருந்த காலாவதி 2027 ஏப்ரல். காலாவதி தேதி நன்றாகத் தயாரான மருந்து எத்தனை நாள் தாங்கும் என்றுதான் சொல்லும். மோசமாகத் தயாரானதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அப்படிப்பட்ட மருந்தைத் தேடிப் பிடிக்கத் தொகுதி எண்தான் முதல் பிடி.

இத்தகைய எச்சரிக்கை வந்ததும் மொத்த விற்பனையாளர் செய்ய வேண்டியது, அந்தத் தொகுதி எந்தெந்தக் கடைக்கு, எந்த பில்லில், எத்தனை பாட்டில் போனது என்ற பட்டியலை எடுப்பது. பில்லில் எழுதிய தொகுதி வேறு, பெட்டியில் போன தொகுதி வேறு என்றால் அந்தப் பட்டியல் தவறான கடையைக் காட்டும். நச்சுப் பாட்டில் இருக்கும் கடைக்குத் தொலைபேசி போகாது. மூன்று பாக்ஸ் இடம் மாறியது கணக்குப் பிசகாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

காலாவதியானவற்றை விற்பனைச் சரக்கோடு கலந்து வைக்க விதி இடம் தருவதில்லை. தனியே ஒதுக்கி, ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுதி ஒட்டி, தயாரிப்பாளருக்குத் திருப்பி அனுப்பும்வரை வைத்திருக்க வேண்டும். கடைகளிலிருந்து திரும்பி வரும் சரக்கும் நேராக ரேக்குக்குப் போகாது. அது எங்கே, எந்த வெப்பத்தில் இருந்தது என்று தெரியாததால் முதலில் தனியே வைத்து, தொகுதி எண்ணைப் பழைய பில்லோடு ஒப்பிட்டு, மீண்டும் விற்கலாமா என்று முடிவு செய்கிறார்கள். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய இன்சுலின் ஒருமுறை வெளியே போய்வந்தால், இடையில் குளிர் விட்டுப்போகவில்லை என்று காட்ட முடிந்தாலொழிய, தேதி எத்தனை மாதம் மிச்சமிருந்தாலும் அதை விற்பனைத் தட்டில் சேர்ப்பதில்லை.